200 டிகிரி யாருக்கு?

கோவைப் புறநகரில் உள்ள ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில், ஓவன் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகடு தொங்குகிறது. ‘ஓவன் வெப்பம் 200 டிகிரி, நேரம் 10 நிமிடம்’ என்று நீலத்தின் மேல் வெள்ளையாக எழுதியிருக்கிறார்கள். எழுத்துப்பிழை கிடையாது. பவுடர் விற்கும் கம்பெனி கொடுத்த ஆங்கிலக் கையேட்டிலிருந்து யாரோ அக்கறையாகத் தமிழாக்கியது. ஆங்கிலத்திலும் இதே 200, இதே 10தான். ஆனால் அங்கே எண்ணுக்குப் பக்கத்தில் பி.எம்.டி. என்று மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலோகம் எட்ட வேண்டிய வெப்பநிலை என்று அதற்குப் பொருள். தகட்டுக்கு வரும் வழியில் அந்த மூன்றெழுத்து உதிர்ந்துவிட்டது. பட்டறையில் மாதாமாதம் திரும்பி வரும் சரக்கில் ஒரு பங்குக்கு அதுதான் காரணம்.

அந்தக் கையேடு முழுவதையும் புதிதாகத் தமிழில் எழுதும் வேலையில் பெயின்ட் ஷாப் சூப்பர்வைசரோடு நானும் உட்கார்ந்தேன். ஜாப்பைச் சுத்தம் செய்வது, பூத்தில் பவுடர் அடிப்பது, ஓவனில் வைப்பது என்று மூன்று பகுதி. இந்த வேலையை நேரில் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீரோ, மின்விசிறி, ஜன்னல் சட்டம், பைக் உதிரிபாகம் என்று நாம் தொட்டுப் புழங்கும் பல உலோகப் பொருள்களின் மேல் இருப்பது டப்பாவில் வரும் பெயின்ட் அல்ல. மாவு போன்ற காய்ந்த பவுடர். தின்னர் கலப்பதில்லை. துப்பாக்கி போன்ற கருவி ஒன்று பவுடருக்கு மின்னேற்றம் கொடுத்து ஊதுகிறது. எர்த் செய்யப்பட்டுத் தொங்கும் ஜாப் அதை இழுத்து ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஓவனில் பவுடர் உருகி, பரவி, தனக்குள் ரசாயன வினை நடந்து கெட்டியான படலமாகிறது.

இந்தக் கடைசி வரியில் உருகுவது, வினை நடப்பது என்று இரண்டு காரியங்கள் இருக்கின்றன. அவை ஒரே நேரத்தில் நடப்பதில்லை. பவுடர் 200 டிகிரிக்கு வெகு முன்பே உருகிப் பளபளவென்று ஓடிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு வேலை முடிந்தாயிற்று. படலத்துக்கு வலு தருகிற வினை அதற்குப் பிறகுதான் முழுமூச்சில் நடக்கிறது. அதற்கு உலோகமே சூடேறி, அந்தச் சூட்டில் குறிப்பிட்ட நேரம் நிற்க வேண்டும். மேலே பூத்திருக்கிறது என்பதற்காக இட்லியை இறக்கிவிடாமல் குச்சியால் குத்திப் பார்க்கிறோமே, அந்த வகைச் சோதனை இதற்கும் தேவை. ‘பெயின்ட் காய்ந்துவிட்டது’ என்ற பேச்சு இங்கே செல்லாது, காய்வதற்குப் பவுடரில் ஈரமே கிடையாது. அதனால் தமிழ்ப் பிரதியில் ‘காய்தல்’ என்று எங்கும் போடவில்லை. ‘வேகுதல்’ என்று எழுதினோம். ‘மேல பாத்தா சூப்பரா இருக்கும் சார், ஆனா வெந்திருக்காது’ என்று சூப்பர்வைசரே சொல்லிக்கொண்டிருந்ததால் எங்களுக்குப் பெரிய யோசனை தேவைப்படவில்லை.

ஓவன் பேனலில் இரண்டு எண்கள் ஒளிர்கின்றன. SV என்று இருப்பது நாம் வைத்த வெப்பநிலை. PV என்று இருப்பது சென்சார் இப்போது காட்டும் வெப்பநிலை. பேனலில் ஆங்கிலத்தில் இருப்பதைக் கையேட்டில் தமிழாக்கினால் தேடித் தடுமாறுவார்கள் என்பதால் இரண்டையும் அப்படியே விட்டோம். ஆனால் அவற்றுக்குக் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது: ‘இரண்டும் ஓவனுக்குள் இருக்கும் காற்றின் சூடு. ஜாப்பின் சூடு இங்கே தெரியாது.’ ஆங்கிலக் கையேட்டில் அந்த வரி கிடையாது. அது தெரிந்த ஆளுக்காக எழுதப்பட்டது.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க, அந்தப் பட்டறையில் அடிக்கடி வரும் ஒரு சரக்கையே எடுத்துக்கொள்ளலாம். இயந்திரத்துக்கான ஸ்டாண்டு ஒன்று. அதன் மூடித் தகடு 1.2 மில்லிமீட்டர், அடித்தட்டு 8 மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே டிராலியில் மாட்டி, 200 டிகிரி காட்டும் ஓவனுக்குள் தள்ளுகிறார்கள். தகடு எவ்வளவு தடிமனோ, சூடேற அவ்வளவு நேரம் பிடிக்கும். சாதாரண சூட்டுக்காற்று ஓவனுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மெல்லிய தகடு நான்கைந்து நிமிடத்தில் 190 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. அடித்தட்டுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது. ஓவனுக்கு ஓவன் காற்றோட்டம் மாறும், அதனால் நிமிடங்களும் மாறும். ஆனால் ஒன்று மற்றதைப்போல் ஆறேழு மடங்கு நேரம் எடுக்கும் என்பது மாறாது.

இப்போது தகட்டில் உள்ள தமிழைப் பின்பற்றுங்கள். கதவைச் சாத்தியதிலிருந்து 10 நிமிடம். பட்டறையில் அனுபவத்தால் அதை 20 ஆக்கியிருக்கிறார்கள். அந்த 20 நிமிடத்தில் மூடித் தகடு தாராளமாக வெந்துவிடும். அடித்தட்டு அப்போதுதான் 177 டிகிரி அளவுக்கு வந்திருக்கும். அந்தப் பவுடரின் விவரத்தாளில் உலோகம் 200 டிகிரி என்றால் 10 நிமிடம், 190 என்றால் 15, 180 என்றால் 20 என்று போட்டிருக்கிறது. 180க்குக் கீழே கணக்கே கிடையாது. அதாவது வெளியே எடுக்கும்போது அடித்தட்டின் கடிகாரம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரே பளபளப்பில், ஒரே நிறத்தில் வெளியே வரும். பேக்கிங் செய்து அனுப்பிவிடுவார்கள். ஆள் போல்ட் முடுக்கும்போது அடித்தட்டில் பெயின்ட் சில்லுச் சில்லாக உதிரும்.

சரி, அடித்தட்டுக்காக 40 நிமிடம் வைத்துவிடலாமா? அப்போது மூடித் தகடு அரை மணிக்கும் மேலாக 200 டிகிரியில் நிற்கிறது. கறுப்பு நிறமானால் அநேகமாகத் தப்பித்துவிடும். வெள்ளையாக இருந்தால் மஞ்சள் பூத்துவிடும். பக்கத்தில் சரியாக வெந்த வெள்ளைத் தகடு ஒன்றை வைத்தால்தான் தெரியும், ஆனால் வாங்குகிறவர் நிச்சயம் வைத்துப் பார்ப்பார். ஆகவே வழி ஒன்றுதான். தடிமன் வாரியாகப் பிரித்துத் தனித்தனி டிராலியில் ஏற்ற வேண்டும். ஆங்கிலக் கையேடு இதை ஓவன் பகுதியில் சொல்லவே இல்லை. எங்கோ பின்னால் ‘தடிமன் வேறுபாடு கருத்தில் கொள்ளப்பட வேண்டும்’ என்கிற தொனியில் ஒரு வாக்கியம் வருகிறது. யார் கருத்தில் கொள்வது? எப்போது? ஆங்கிலத்தில் செய்பவர் பெயரில்லாத இந்த வாக்கியங்கள் சகஜம். அப்படியே தமிழாக்கினால் அரசாணை மாதிரி ஒலிக்கும், யாரும் அசைய மாட்டார்கள். தமிழில் அதை ஜாப் மாட்டும் ஆளுக்கான வேலையாக, பூத் பகுதிக்கும் முன்னால் கொண்டுபோய் வைத்தோம்: ‘3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தகட்டை மெல்லிய தகட்டோடு ஒரே டிராலியில் மாட்டாதே.’ அந்த 3 என்ற எல்லை அந்த ஓவனுக்கு, அங்கே வரும் சரக்குக்கு சூப்பர்வைசர் வைத்தது. வேறு பட்டறை வேறு எல்லை வைக்கலாம்.

ஓவன் வரியும் இப்படி மாறியது: ‘ஜாப் 200 டிகிரி ஆன பிறகு 10 நிமிடம்.’ இந்த ‘ஆன பிறகு’ வந்த உடனே அடுத்த கேள்வி வருகிறது. ஆனதா என்று எப்படித் தெரியும்? அதற்கு டேட்டா லாகர் என்று ஒரு கருவி உண்டு. வெப்பம் தாங்கும் பெட்டிக்குள் அது இருக்கும். அதிலிருந்து வரும் கம்பிகளின் நுனியை ஜாப்பில் மெல்லிய இடத்தில் ஒன்று, தடித்த இடத்தில் ஒன்று, டிராலியின் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பொருத்தி, ஜாப்போடு சேர்த்து ஓவனுக்குள் அனுப்புவார்கள். வெளியே வந்ததும் ஒவ்வொரு இடமும் எந்த நிமிடத்தில் எத்தனை டிகிரியில் இருந்தது என்று கோடுகளாகக் காட்டும். சின்னப் பட்டறைகளில் சொந்தமாக இருக்காது. பவுடர் கம்பெனி ஆளைக் கூப்பிட்டால் கொண்டுவந்து எடுத்துத் தருவது உண்டு. ஒவ்வொரு வகை ஜாப்புக்கும் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால், கதவு சாத்தியதிலிருந்து மொத்தம் எத்தனை நிமிடம் என்று தகட்டில் துணிந்து எழுதலாம்.

லாகர் இல்லாத நாளுக்கு ஒரு பஞ்சு போதும். எம்.இ.கே. என்ற கரைப்பானில் நனைத்து, வெந்து ஆறிய பரப்பில் அழுத்தி 30 முறை போக வரத் தேய்க்க வேண்டும். சரியாக வெந்திருந்தால் பஞ்சில் நிறம் லேசாகத்தான் ஒட்டும், பரப்பு நகத்துக்கு இளகாது. வேகாதது என்றால் பஞ்சு நிறமாகிவிடும், தேய்த்த இடம் மங்கி மெத்தென்று ஆகும். இது ஜாப்பைக் கெடுக்கிற சோதனை என்பதால் கண்ணில் படாத மூலையில் செய்ய வேண்டும். சில பவுடர்கள் சரியாக வெந்தாலும் கொஞ்சம் மங்கும் என்பதால் நன்றாக வெந்த மாதிரி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். எம்.இ.கே. சட்டென்று தீப்பிடிக்கும். ஓவன் வாசலில் நின்றுகொண்டு யாரும் தேய்த்துவிடக் கூடாது என்பதால் இடத்தையும் எழுதினோம்.

சுத்தம் செய்யும் பகுதியில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே எண்கள் அதிகம், ஆனால் எல்லாவற்றையும் தாங்குவது ‘சுத்தம்’ என்ற ஒரே சொல். பட்டறைப் பேச்சில் இதை செவன் டேங்க் என்பார்கள், சில இடங்களில் எட்டும் ஒன்பதும் கூட இருக்கும். எண்ணெய் எடுக்க ஒரு தொட்டி, கழுவ ஒன்று, துரு எடுக்க அமிலத் தொட்டி, மறுபடி கழுவல், பிறகு பாஸ்பேட் படிக்கும் தொட்டி, கடைசியாகக் கழுவல். பாஸ்பேட் என்பது இரும்பின் மேல் நுண்ணிய படிகங்களாகப் படியும் சாம்பல்நிறப் படலம். பவுடர் பிடித்துக்கொள்ள சொரசொரப்பும், துருவுக்குத் தடுப்பும் அதுதான். அடியில் எண்ணெய் இருந்தால் அந்த இடத்தில் பாஸ்பேட் ஏறாது. பாஸ்பேட் ஏறாத இடத்தில் பெயின்ட் நிற்கத்தான் செய்யும், ஒரு மழைக்காலம் வரை.

எண்ணெய் போய்விட்டதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பிரஸ்ஸில் தட்டி வந்த தகட்டின் எண்ணெய்ப் படலம் நிறமில்லாமல், வாசனையும் இல்லாமல் இருக்கும். ஆங்கிலக் கையேடு இதற்கு ஒரு பெயர்ச்சொல் தொடரைத் தருகிறது. நேராக மாற்றினால் ‘நீர் முறிவற்ற பரப்பு’ என்று வரும். அதைப் படித்துவிட்டு தொட்டிக்கு அருகே நிற்கும் பையன் என்ன செய்வான்? சொல்ல வந்த செயல் எளிது. எண்ணெய்த் தொட்டியிலிருந்து எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, தகட்டைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சுத்தமான தகட்டில் தண்ணீர் கண்ணாடிபோல ஒரே படலமாக நின்று மெல்ல வழியும். எண்ணெய் மிச்சமிருந்தால் தண்ணீர் விலகிப் போய், முத்து முத்தாகத் திரளும், நடுவே காய்ந்த தீவுகள் தோன்றும். அரை நிமிடம் படலம் கலையாமல் நின்றால் அடுத்த தொட்டிக்குப் போகலாம். இல்லையென்றால் திரும்ப எண்ணெய்த் தொட்டிக்கே.

நாங்கள் பார்த்த தகட்டில் தண்ணீர் மூன்று இடத்தில் விலகியது. மூன்றும் வளைவுக்குப் பக்கத்தில், ஒரே வரிசையில். தகட்டை வளைக்கும்போது டையில் தடவிய கிரீஸ் அங்கே அழுந்திப் போயிருந்தது. தொட்டியின் மருந்து குறைந்திருந்தால் தகடு முழுக்க அங்கங்கே முத்துத் தெரித்திருக்கும். எந்த இடத்தில் விலகுகிறது என்பதே காரணத்தைக் காட்டிவிடுவதால், அந்த இரண்டு தோற்றத்தையும் படமாக வரைந்து கையேட்டில் போட்டோம். வரைந்தது இன்னொரு காரணத்துக்கும் உதவியது: தொட்டி வேலையில் இருக்கும் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள்.

இந்தச் சோதனைக்கு இரண்டு வரம்புகள் உண்டு, ஆங்கிலத்தில் அடிக்குறிப்பாக இருந்ததை உள்ளே கொண்டுவந்தோம். அலசாமல் பிடித்துப் பார்த்தால் தொட்டியின் சோப்பு மருந்தே தண்ணீரைப் படலமாகப் பரப்பிக் காட்டிவிடும். எண்ணெய் அடியில் இருந்தாலும் ஏமாறலாம். அடுத்தது உப்பு. தண்ணீர் அழகாகப் படலமாக நிற்கும், அதில் உப்பு கரைந்திருப்பது தெரியவே தெரியாது. கோவை வீடுகளுக்குச் சிறுவாணித் தண்ணீர் வரலாம். பட்டறைத் தொட்டிக்கு வருவது போர்வெல் தண்ணீர். அதில் கடைசியாக அலசிக் காயவைத்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு தகட்டிலேயே தங்கும். அதன் மேல் பவுடர் அடித்து வேகவைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஈரக்காற்றில் மாதங்கள் போனதும் படலத்தின் வழியே ஈரத்தை அந்த உப்பு உள்ளே இழுக்கும், கொப்புளம் கிளம்பும். ஆகவே கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய தண்ணீர். ஜாப்பின் முனையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துக் கடத்துதிறன் மீட்டரில் அளந்தால் 30 மைக்ரோ சீமென்ஸுக்குள் இருப்பது நல்லது; அலுமினியத்துக்கு இந்த அளவைக் கறாராகவே கேட்பார்கள். தொட்டியில் உள்ள தண்ணீரை அளந்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். ஜாப் முந்தின தொட்டியிலிருந்து என்ன சுமந்துகொண்டு வருகிறது என்பதை சொட்டும் தண்ணீர்தான் சொல்லும்.

பூத்துக்கு வருவோம். அங்கே ஆபரேட்டர் சொல்லும் புகார் எப்போதும் ஒன்றே: ‘பவுடர் பிடிக்க மாட்டேங்குது.’ முதலில் பார்க்க வேண்டியது கொக்கி. ஜாப் எர்த் ஆவது கொக்கி வழியாகத்தான், அந்தக் கொக்கியின் மேலும் ஒவ்வொரு முறையும் பவுடர் படிந்து வேகிறது. நாலைந்து சுற்றில் கொக்கிக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி ஆகிவிடும். மின்சாரம் அதைத் தாண்டாது. ஜாப்பிலிருந்து எர்த் வரை மெக்கர் வைத்து அளந்தால் 1 மெகாஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் பவுடர் பிடிக்காதது மட்டும் பிரச்சினை இல்லை. எர்த் ஆகாத ஜாப்பில் மின்னேற்றம் சேர்ந்துகொண்டே போய் ஒரு பொறி தெறிக்கலாம். காற்றில் மிதக்கும் பவுடர் வெடிக்கக் கூடியது. பூத்தின் உறிஞ்சு ஃபேன் ஓடினால்தான் கன் இயங்கும்படி இணைத்திருப்பது அதற்காகத்தான். அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது என்ற வரியை மட்டும் கையேட்டில் சிவப்பில் அடித்தோம்.

‘ஆபரேட்டரும் எர்த் ஆகியிருக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. தமிழில் சரியாகவே இருக்கிறது, ஆனால் மனிதனை எப்படி எர்த் செய்வது? கன்னின் கைப்பிடி எர்த்தோடு இணைந்திருக்கும், வெறும் உள்ளங்கை அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அதனால் ‘ரப்பர் செருப்பு போடாதே. கையுறையில் உள்ளங்கைப் பகுதியை வெட்டியிரு’ என்று எழுதினோம். இதைக் கேட்டதும் பூத் ஆபரேட்டர் சிரித்தார். ‘அதான்ணே டிராலியைத் தொட்டா சுர்ருங்குது’ என்றார். அவர் போட்டிருந்தது கெட்டி ரப்பர் கையுறை, காலில் ஹவாய்.

கன் பேனலில் இருக்கும் kV எண்ணைப் பற்றிய அறிவுரைக்குத்தான் நிறைய நேரம் பிடித்தது. சமதளத்துக்கு 80 அளவில் வைத்து அடிப்பார்கள். பெட்டி போன்ற ஜாப்பின் உள்மூலையில் பவுடர் ஏறாவிட்டால் ஆபரேட்டரின் கை இயல்பாகவே எண்ணைக் கூட்டப் போகும். கையேடு குறைக்கச் சொல்கிறது. காரணம் தெரியாமல் யாரும் இதை நம்ப மாட்டார்கள். மின்புலக் கோடுகள் பக்கத்தில் உள்ள விளிம்புகளிலேயே போய் முடிந்துவிடுகின்றன, உள்மூலைவரை போவதில்லை. அழுத்தத்தைக் கூட்டக் கூட்டப் பவுடர் இன்னும் வேகமாக விளிம்புக்கே ஓடும். குறைத்தால் மின்சார இழுப்பு தளர்ந்து, காற்று பவுடரை உள்ளே கொண்டுபோகும். அதனால் முதலில் மூலை, குறைந்த kV, காற்றும் மெதுவாக. பிறகு வெளிப்பக்கம். இந்தக் காரணத்தை மூன்று வரியில் அறிவுரைக்குப் பக்கத்திலேயே வைத்தோம். எல்லா இடத்திலும் காரணம் சொன்னால் கையேடு பாடப்புத்தகமாகிவிடும். கையின் பழக்கத்துக்கு எதிராகச் சொல்லும் இடங்களில் மட்டும் சொல்வது என்று முடிவு செய்தோம்.

மறு பூச்சுக்கும் அதே எதிர்ப்பழக்கம். ஏற்கெனவே வெந்த படலத்தின் மேல் அடிக்கும்போது kVயைக் குறைக்காவிட்டால் மின்னேற்றம் போக வழியில்லாமல் பவுடருக்குள்ளேயே வெடித்து, ஊசி குத்தியது போல் குழிகள் விழும். படலம் 60 முதல் 80 மைக்ரான் இருந்தால் போதும். கெட்டியாக அடித்தால் நல்லது என்ற எண்ணத்தில் 150 வரை ஏற்றுகிறவர்களும் அதே குழிகளைத்தான் பார்க்கிறார்கள், ஆரஞ்சுத் தோல் போன்ற பரப்போடு.

புதிய கையேட்டில் ஓவன் பக்கத்தில் 200, 10 என்ற எண்கள் அச்சாகவில்லை. பவுடருக்குப் பவுடர் அவை மாறும். ஒரே கம்பெனியிலேயே 160 டிகிரியில் வேகும் ரகமும் உண்டு. அந்த இடத்தில் நான்கு கட்டங்கள் காலியாக இருக்கின்றன: பவுடர் எண், ஜாப் தடிமன், உலோக வெப்பம், கதவு சாத்தியதிலிருந்து மொத்த நிமிடம். புதுப் பெட்டி உடைக்கும் அன்று விவரத்தாளைப் பார்த்து சூப்பர்வைசர் மார்க்கரில் எழுத வேண்டும், கையெழுத்தும் போட வேண்டும். பழைய தகட்டைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். ஓனர் எழுதவைத்தது என்பதால் கழற்றலாமா என்று கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.